மைனஸ் 80 ரூபா எங்கிருந்து வந்தது?

கேள்வி: சேர், நான் வேலை செய்துகொண்டே கணக்கியல் தொழில்சார் பரீட்சை எழுதுகிறேன். போன முறை நிதி முகாமைத்துவத் தாளில் வந்த கேள்வி இது. ஒரு கம்பனி இப்போதுதான் பங்கொன்றுக்கு 4 ரூபா பங்கிலாபம் கொடுத்திருக்கிறது. அது அடுத்த 3 வருடங்களுக்கு வருடம் 20 சதவீதமும், பிறகு என்றென்றைக்கும் 6 சதவீதமும் வளரும். முதலீட்டாளர் எதிர்பார்க்கும் வருவாய் 14 சதவீதம். பங்கின் இன்றைய பெறுமதி என்ன? நான் வளர்ச்சிச் சூத்திரத்தில் போட்டேன். 4.80 ஐ (0.14 − 0.20) ஆல் வகுக்க மைனஸ் 80 வந்தது. பங்கு விலை மைனஸில் இருக்காதே என்று மைனஸை விட்டுவிட்டு 80 என்று எழுதினேன். மாதிரி விடையில் 75.12. கிட்டத்தட்ட அதுதானே? ஆனால் சில புள்ளிகளால் தாள் போய்விட்டது. மீள்பரிசீலனைக்கு விண்ணப்பிக்கலாமா? வளர்ச்சி கூட என்றால் விடையை முடிவிலி என்று எழுத வேண்டும் என்கிறாள் என்னோடு படிக்கிற ஒருத்தி. வளர்ச்சி மைனஸ் என்றால் சூத்திரம் வேலை செய்யாது என்கிறார் ரியூசன் சேர் ஒருவர். எதை நம்புவது?
(பெயர் வேண்டாம், யாழ்ப்பாணம்)

பதில்:

தங்கச்சி, உங்களுக்குப் பிடிக்காத செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். 80 உம் 75.12 உம் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது வெறும் தற்செயல். தசமப் பிழையும் இல்லை, கிட்டிய விடையும் இல்லை. நம்பாவிட்டால் கேள்வியில் ஒரே ஒரு எண்ணை மாற்றிப் பாருங்கள். முதல் 3 வருட வளர்ச்சி 20 இல்லை, 26 சதவீதம் என்று வையுங்கள். பங்கிலாபம் இன்னும் வேகமாக வளர்கிறது, ஆகவே பங்கு விலை கூட வேண்டும். சரியான முறையில் செய்தால் 75.12 என்பது 86.27 ஆகக் கூடுகிறது. உங்கள் முறையில் 5.04 ஐ −0.12 ஆல் வகுக்க மைனஸ் 42 வருகிறது. மைனஸைத் தூக்கிவிட்டால் 42. கம்பனி நன்றாக வளர வளர அதன் விலை பாதியாகிறது என்று சொல்லும் கணக்கை எந்தத் திருத்துநரும் ஏற்கமாட்டார்.

மைனஸைப் பார்த்ததும் ஏதோ பிழை என்று உங்களுக்குப் பட்டிருக்கிறது. அது நல்லது. ஆனால் அந்த மைனஸ் ஒரு எச்சரிக்கைப் பலகை. பலகையைப் பிடுங்கி எறிந்துவிட்டு அதே பாதையில் போய்விட்டீர்கள். அது என்ன சொல்ல வந்தது என்பதை எங்கள் ஊர்க் கணக்கு ஒன்றில் காட்டுகிறேன்.

உபயக் கணக்கு

ரொறன்ரோவில் இருக்கும் என் உறவினர் ஒருவர் ஒருநாள் தொலைபேசியில் கேட்டார்: "எங்கடை குடும்பத்து உபயம் ஆண்டாண்டாய் நடக்கவேணும். ஒரு தொகையை வங்கியிலை போட்டுவிட்டால் வட்டியிலை நடக்கும்தானே? எவ்வளவு போட?" மேளம், பூ, சாத்துப்படி, அன்னதானம் எல்லாம் சேர்த்து அடுத்த வருட உபயத்துக்கு 100,000 ரூபா என்று வைப்போம். வங்கி வட்டி 9 சதவீதம். (எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை.) அவர் தானே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார்: 100,000 ஐ 0.09 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1,111,111. அவ்வளவு போட்டால் வருடாவருடம் வட்டியாக 100,000 வரும், முதல் அப்படியே இருக்கும்.

கணக்குச் சரிதான், ஆனால் மேளக்காரர் அடுத்த வருடமும் அதே காசுக்கு வரமாட்டார். செலவு வருடம் 5 சதவீதம் கூடுகிறது என்றால் முதலும் வருடம் 5 சதவீதம் கூடிக்கொண்டே இருக்க வேண்டும். அப்படியானால் வட்டி முழுவதையும் உபயத்துக்குச் செலவழிக்க முடியாது. 9 இல் 5 ஐத் திரும்ப முதலோடு சேர்க்க வேண்டும், கையில் மிஞ்சுவது 4. அந்த 4 சதவீதம் 100,000 ஆக இருக்க வேண்டும் என்றால் முதல் 2,500,000.

```
P = C1 / (r − g) = 100,000 / (0.09 − 0.05) = 2,500,000
```

உண்மையிலேயே நடக்கிறதா என்று பாருங்கள். ஒரு வருடத்தில் 225,000 வட்டி வருகிறது. 100,000 உபயத்துக்குப் போக மீதி 125,000 முதலோடு சேர்ந்து 2,625,000 ஆகிறது, அதாவது சரியாக 5 சதவீதம் கூட. இரண்டாம் வருடம் வட்டி சேர்ந்து 2,861,250. அந்த வருட உபயச் செலவான 105,000 ஐக் கழிக்க 2,756,250. மறுபடியும் சரியாக 5 சதவீதம். இது இப்படியே ஓடும்.

வளரும் நிரந்தர ஆண்டுத்தொகையின் சூத்திரம் முழுவதும் இவ்வளவுதான். கோர்டன் மாதிரி என்று நீங்கள் படித்ததும் இதுவே, உபயத்தின் இடத்தில் பங்கிலாபம் என்பது மட்டும்தான் வித்தியாசம். `r − g` என்பதை "வட்டியில் திரும்பப் போட்டது போக எடுக்கக்கூடிய பங்கு" என்று வாசித்துப் பழகுங்கள். சூத்திரத்தைத் திருப்பிப் போட்டால் இன்னும் தெளிவு: முதலாம் வருடம் எடுக்கக்கூடியது `P × (r − g)`.

இப்போது செலவு வருடம் 9 சதவீதம் கூடுகிறது என்று வையுங்கள். வட்டி 225,000 முழுவதையும் திரும்பப் போட்டால்தான் முதல் 9 சதவீதம் வளரும். உபயத்துக்கு ஒரு சதமும் இல்லை. முதலை இரண்டு மடங்கு ஆக்கினாலும் நூறு மடங்கு ஆக்கினாலும் அதே கதைதான். செலவு 12 சதவீதம் கூடினால்? 2,500,000 × (0.09 − 0.12) = மைனஸ் 75,000. வட்டியையெல்லாம் திரும்பப் போட்டும் போதாமல், வருடக் கடைசியில் உறவினர் தன் பையிலிருந்து இன்னும் 75,000 போட வேண்டும், உபயம் ஒன்றும் நடக்காமலே. உங்கள் கல்குலேற்றரில் வந்த மைனஸின் அர்த்தம் இதுதான். விலை மைனஸ் என்று அது சொல்லவில்லை. இந்த வட்டியில் இந்த வளர்ச்சியை என்றென்றைக்கும் தாங்கக்கூடிய தொகை என்று ஒன்று கிடையாது என்கிறது.

இதில் கனமான சொல் "என்றென்றைக்கும்". ஒரு வருடம் இரண்டு வருடம் வளர்ச்சி வட்டியை மிஞ்சலாம். 2022 ஐ மறந்திருக்கமாட்டீர்கள். அந்த வருடம் செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொடும் அளவுக்குப் போனது. 91 நாள் திறைசேரி உண்டியலின் வட்டி 30 ஐத் தாண்டியும் விலைவாசியைப் பிடிக்கவில்லை. ஆனால் அது நின்றது. நிற்காமல் ஓடியிருந்தால் ஒரு கோயிலின் ஒரு நாள் உபயச் செலவு ஒரு காலத்தில் முழு இலங்கையின் வருமானத்தையும் விழுங்கியிருக்கும். 20 சதவீதம் வளரும் கம்பனிக்கும் இதே விதிதான். 3 வருடம் வளரலாம், 5 வருடம் வளரலாம், நாட்டின் பொருளாதாரத்தை விட வேகமாக முடிவே இல்லாமல் வளர முடியாது. பரீட்சைக் கேள்வியிலும் இதனால்தான் "அடுத்த 3 வருடங்களுக்கு" என்று எழுதியிருந்தார்கள். நீங்கள் அந்த 20 ஐ எடுத்து என்றென்றைக்குமான இடத்தில் வைத்துவிட்டீர்கள்.

உங்கள் மைனஸ் 80 குப்பை இல்லை

இது பாடத்திட்டத்துக்குக் கொஞ்சம் அப்பால் போகும். ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. எத்தனையோ வருடமாக மாலை வகுப்பில் இந்தச் சூத்திரத்தை எழுதிவருகிறேன், இந்த இடம் இன்னும் எனக்கு அலுக்கவில்லை.

குறிப்பிட்ட n வருடங்களுக்கு மட்டும் வளரும் தொகைக்கு ஒரு சூத்திரம் உண்டு:

```
P = C1 / (r − g) × [1 − ((1 + g) / (1 + r))^n]
```

முன்பகுதி நீங்கள் மனப்பாடம் செய்தது. பின்னால் இருக்கும் அடைப்பை யாரும் கவனிப்பதில்லை. உபயக் கணக்கில் 1.05 ஐ 1.09 ஆல் வகுத்தால் ஒன்றுக்குக் குறைவு. அதை 100 தரம் தன்னோடு பெருக்கினால் ஏறத்தாழ 0.024 தான் மிஞ்சும், 200 தரம் பெருக்கினால் இல்லை என்றே சொல்லலாம். அடைப்பு 1 ஆகிவிடுகிறது, அதனால் எழுதாமல் விட்டுவிடுகிறோம். நிரந்தர ஆண்டுத்தொகையின் சூத்திரம் குட்டையாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

உங்கள் கேள்வியில் 1.20 ஐ 1.14 ஆல் வகுத்தால் 1.0526. ஒன்றுக்கு மேல். 100 தரம் பெருக்கினால் 169 க்குப் பக்கத்தில் போகும். அது கரையாமல் வீங்கிக்கொண்டே போகிறது, ஆகவே அடைப்பை விட்டுவிட உரிமை இல்லை. ஆனால் n ஐ 3 என்று வைத்து அடைப்போடு சேர்த்துச் செய்து பாருங்கள்:

```
4.80 / (0.14 − 0.20) × [1 − (1.20 / 1.14)^3]
= −80 × (1 − 1.16635)
= −80 × (−0.16635)
= 13.31
```

இரண்டு மைனஸும் பெருகி ப்ளஸ் ஆகிவிட்டன. இந்த 13.31 ரூபாதான் முதல் மூன்று வருடப் பங்கிலாபங்களின் இன்றைய பெறுமதி. சரியான விடையின் உள்ளே இருக்கும் ஒரு துண்டு அது. நீங்கள் கண்ட மைனஸ் 80 பாதிச் சூத்திரம், மற்றப் பாதியை விட்டுவிட்டீர்கள்.

வளர்ச்சியும் வட்டியும் சரிசமமாக இருந்தால் இந்தச் சூத்திரமும் பூச்சியத்தால் வகுக்கச் சொல்லும், கல்குலேற்றர் `Math ERROR` காட்டும். பயப்பட வேண்டாம். 14 சதவீத வளர்ச்சி, 14 சதவீதக் கழிவு என்றால் ஒவ்வொரு வருடப் பங்கிலாபமும் இன்றைய பெறுமதியில் அதே 4 ரூபாதான். 3 வருடத்துக்கு 12 ரூபா. சூத்திரமே தேவையில்லை.

75.12 எப்படி வருகிறது

பரீட்சையில் நான் சொல்லும் முறை இது. முதலில் தாளில் ஒரு கோடு கீறி 0, 1, 2, 3, 4 என்று வருடங்களைக் குறியுங்கள். வளர்ச்சி ஒரே சீராகும் இடத்துக்கு மேலே ஒரு சிறு அம்புக்குறி போடுங்கள். அம்புக்குறிக்கு முன்னால் உள்ளதை ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டும், பின்னால் உள்ளதற்குத்தான் சூத்திரம்.

```
D1 = 4.00  × 1.20 = 4.80
D2 = 4.80  × 1.20 = 5.76
D3 = 5.76  × 1.20 = 6.912
D4 = 6.912 × 1.06 = 7.32672

P3 = 7.32672 / (0.14 − 0.06) = 91.584
```

91.584 என்பது 3 ஆம் வருடக் கடைசியில் நின்று பார்க்கும்போது, 4 ஆம் வருடத்திலிருந்து வரப்போகும் எல்லாவற்றின் பெறுமதி. அதை இன்றைக்குக் கொண்டுவர வேண்டும்.

```
4.80   / 1.14    =  4.2105
5.76   / 1.14^2  =  4.4321
6.912  / 1.14^3  =  4.6654
91.584 / 1.14^3  = 61.8166
                   -------
                   75.1246
```

கடைசி வரியைக் கவனியுங்கள். D4 ஐ வைத்துச் செய்தோம், ஆனால் கழிவு 4 வருடத்துக்கு இல்லை, 3 வருடத்துக்குத்தான். நான் பார்த்த விடைத்தாள்களில் புள்ளி அதிகம் கொட்டுகிற இடம் இதுதான். 4 வருடத்துக்குக் கழித்தால் மொத்தம் 67.53 ஆகிவிடும். காரணத்தை உபயத்தில் பார்க்கலாம்: 2,500,000 ஐ இன்று போட்டோம், முதல் உபயம் ஒரு வருடம் கழித்து. சூத்திரம் எப்போதும் முதல் தொகைக்கு ஒரு வருடம் முன்னால் நின்றுதான் பேசும். D4 ஐக் கொடுத்தால் 3 இல் நிற்கும்.

இதைச் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது, பரீட்சையில் இரண்டு நிமிடம் மிஞ்சினால் செய்யுங்கள். D3 இலிருந்தே சூத்திரத்தைப் போடுங்கள். D3 க்கு வரும் வளர்ச்சி 20 ஆக இருந்தால் என்ன, அதற்குப் பிறகான வளர்ச்சி 6 தானே? முதல் தொகை எப்படி வந்தது என்று சூத்திரம் கேட்பதில்லை, அதற்குப் பிறகு எப்படி வளர்கிறது என்று மட்டும்தான் கேட்கும். 6.912 ஐ 0.08 ஆல் வகுத்தால் 86.40, இது 2 ஆம் வருடக் கடைசிப் பெறுமதி. 1.14 இன் வர்க்கத்தால் வகுத்தால் 66.482. அதோடு முதல் இரண்டு வருடத்தின் 4.2105, 4.4321 ஐக் கூட்டினால் அதே 75.1246. இரண்டு வழியிலும் ஒரே எண் வந்தால் பேனையை நம்பி மூடலாம்.

இன்னொன்று, உங்கள் கேள்வியில் "இப்போதுதான் கொடுத்திருக்கிறது" என்று இருந்தது. "இன்னும் சில நாட்களில் கொடுக்க இருக்கிறது" என்று வந்தால் அந்த 4 ரூபாவும் வாங்குபவர் கைக்குப் போகும், விடை 79.12. ஒரு சொல்லில் மாறும் விடயம், கேள்வியை வாசிக்கும்போதே அடிக்கோடு இடுங்கள்.

தோழி, ரியூசன் சேர், இருவருக்கும்

உங்கள் தோழி சொன்னது கணிதத்தில் பிழை இல்லை. வளர்ச்சி வட்டிக்குச் சமமாகவோ கூடவோ இருந்து, அது என்றென்றைக்கும் நீடித்தால், கூட்டுத்தொகைக்கு எல்லை இல்லை. மேலே சொன்ன 4 ரூபாக்களை முடிவில்லாமல் கூட்டிக்கொண்டே போவதை நினைத்துப் பாருங்கள். இது பழைய வழக்கு. டேவிட் டியூரண்ட் 1957 இலேயே வளர்ச்சிப் பங்குகளின் இந்தச் சிக்கலை எடுத்து, கணிதத்தில் பெயர்பெற்ற சென் பீற்றர்ஸ்பேர்க் புதிரோடு பொருத்தி ஒரு கட்டுரை எழுதினார். கணக்குப்படி எதிர்பார்ப்பு முடிவிலி, ஆனால் எவரும் அதற்குப் பெரிய காசு கொடுக்க வரமாட்டார்கள் என்பது அந்தப் புதிர். ஆனால் பரீட்சைத் தாளில் முடிவிலி என்று எழுத வேண்டிய கேள்வி மிக அரிது. உங்கள் கேள்வியில் 20 சதவீதம் மூன்று வருடத்தோடு நிற்கிறது. முடிகிற ஒன்றுக்கு முடிவிலி எப்படி வரும்? முழுக் கேள்வியிலும் ஒரே வளர்ச்சி வீதம் கொடுத்து, அது கழிவு வீதத்தை விடக் கூட இருந்தால் மட்டும், "நிலையான வளர்ச்சி மாதிரி இங்கே பொருந்தாது, ஏனெனில் இந்த வளர்ச்சி என்றென்றைக்கும் நீடிக்க முடியாது" என்று ஒரு வரி எழுதுங்கள். அப்படிக் கேட்பவர் எதிர்பார்ப்பதும் பெரும்பாலும் அந்த வரியைத்தான்.

ரியூசன் சேர் சொன்னதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. வளர்ச்சி மைனஸ் என்றால் சூத்திரம் முறியாது, மாறாக இன்னும் உறுதியாக நிற்கும். வருடம் 4 சதவீதம் தேய்கிற பங்கிலாபம் என்று வைப்போம்:

```
4.00 × 0.96 / (0.14 − (−0.04)) = 3.84 / 0.18 = 21.33
```

இங்கே முறிவது மாணவரின் கைதான். மைனஸ் மைனஸ் ப்ளஸ் என்பதை மறந்து 0.10 ஆல் வகுத்து 38.40 என்று எழுதிவிடுவார்கள். சேர் அதைக் கண்டு அலுத்துப்போய் "போடாதேங்கோ" என்று சொல்லியிருக்கவும் கூடும். பிடிப்பதற்கு ஒரு சின்ன வழி: வளர்ச்சியே இல்லாவிட்டால் 4 ஐ 0.14 ஆல் வகுக்க 28.57. தேய்கிற பங்கிலாபத்தின் விலை அதைவிடக் குறைய வேண்டும். 21.33 குறைகிறது, 38.40 கூடுகிறது. எது பிழை என்று தாளிலேயே தெரிந்துவிடும்.

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. கல்குலேற்றர் மைனஸ் காட்டாமலேயே சூத்திரம் அர்த்தம் இழக்கும் இடம் அது. உங்கள் கேள்வியில் நீண்டகால வளர்ச்சியை 6 இலிருந்து 7 ஆக்கினால் விலை 75.12 இலிருந்து 84.62 க்குப் போகிறது. ஒரு சதவீதத்துக்கு ஒன்பதரை ரூபா. 13 ஆக்கினால் 540 ரூபாவைத் தாண்டுகிறது. மைனஸ் இல்லை, `Math ERROR` இல்லை, எண் அழகாக வந்து நிற்கும், ஆனால் அந்த விலையில் ஒருவரும் வாங்கமாட்டார்கள். விடையின் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல், 75.12 இல் 61.82, அந்த ஒரே ஒரு வகுத்தலிலிருந்து வருகிறது. "இந்த மாதிரியின் குறைபாடுகளை விளக்குக" என்று 4 புள்ளிக்கு ஒரு உபகேள்வி வந்தால் பாடமாக்கிய பட்டியலை ஒப்புவிக்காமல் இந்த மூன்று எண்களையும் எழுதுங்கள். திருத்துநருக்கு வேறொரு பேனை பேசுவது போல இருக்கும்.

மீள்பரிசீலனை

இந்தக் கேள்வியை நம்பி விண்ணப்பிக்காதீர்கள். பொதுவாக மீள்பரிசீலனையில் பார்ப்பது புள்ளிகள் சரியாகக் கூட்டப்பட்டனவா, ஏதாவது பக்கம் திருத்தப்படாமல் விடுபட்டதா என்பவற்றைத்தான். நீங்கள் எழுதியதில் 4.80 சரி, அதற்குக் கிடைக்க வேண்டியது கிடைத்திருக்கும். அடுத்த வரியில் முறையே பிழை, அதன் பிறகு மைனஸையும் விளக்கமில்லாமல் நீக்கியிருக்கிறீர்கள். மைனஸ் 80 என்று அப்படியே விட்டு, "r ஐ விட g கூட, ஆகவே இந்தச் சூத்திரம் இங்கே செல்லாது, முதல் 3 வருடங்களைத் தனியாகச் செய்ய வேண்டும்" என்று கீழே எழுதியிருந்தாலாவது திருத்துநர் கொஞ்சம் யோசித்திருப்பார்.

மற்றக் கேள்விகளில் நீங்கள் எழுதியதை ஒரு தாளில் நினைவிலிருந்து எழுதி, மாதிரி விடையோடு ஒப்பிட்டு, நீங்களே இறுக்கமாகப் புள்ளி போட்டுப் பாருங்கள். உங்கள் கூட்டலும் பெறுபேறும் நிறைய விலகினால், அதாவது ஒரு முழுக் கேள்வியே காணாமல் போனது போல விலகினால், அப்போது கட்டணத்தைக் கட்டுவதில் நியாயம் இருக்கிறது. முடிவு திகதியை மட்டும் விட்டுவிடாதீர்கள், அந்தக் கால எல்லை பெரும்பாலும் குறுகியது. இரண்டு மூன்று புள்ளி வித்தியாசம்தான் என்றால் அந்தக் காசை அடுத்த தவணை விண்ணப்பத்துக்கு வையுங்கள். இதே கேள்வியை 3 வருடத்துக்குப் பதில் 5 வருடம் என்று மாற்றி, நாளைக்கே கோடு கீறி ஒருமுறை செய்து பாருங்கள். D6 ஐ எத்தனை வருடத்துக்குக் கழிக்க வேண்டும் என்று பேனை தயங்கினால், உபயக் கணக்குக்குத் திரும்பப் போங்கள்.